டிடி ஃபார்ம் குடுக்குறதுக்கு முன்னாடி: பேரு, எழுத்துல தொகை, எதுக்குன்ற கட்டம்

கோத்தகிரி பஜார்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பேங்க் ஃபார்ம் நிரப்பிக் குடுக்குறது எங்க கடையில தெனமும் நடக்குற வேலை. ஜூன் மாசம் வந்துட்டா காலேஜ் ஃபீஸுக்கு டிடி எடுக்க வர்ற கூட்டம்தான் ஜாஸ்தி. இப்ப எல்லாம் ஆன்லைன்ல கட்டலாமேன்னு கேப்பீங்க, நெறைய எடத்துல கட்டலாம்தான், ஆனா இன்னமும் சில காலேஜ், சில கவர்மென்ட் ஆபீஸ், டெண்டர் முன்பணம் இதுக்கெல்லாம் டிடிதான் வேணும்னு கேக்குறாங்க. மொத தடவ டிடி எடுக்கப் போறவங்களுக்காக இத எழுதுறேன். ஃபார்ம் முழுக்க சொல்லப் போறதில்ல, மூணு எடம் மட்டும்: யார் பேருக்கு டிடி, எழுத்துல தொகை, எதுக்காக எடுக்குறீங்கன்ற கட்டம். இந்த மூணும் சரியா இருந்தா மத்தது தப்பானாலும் கவுன்டர்லயே சரி பண்ணிக்கலாம்.

ஏன் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே பாக்கணும்னா, டிடி பிரிண்ட் ஆயிட்டா அதுல அடிச்சுத் திருத்துறதுன்னு ஒண்ணு கெடையாது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அந்த டிடிய கேன்சல் பண்ணிட்டு புதுசா எடுக்கணும். கேன்சல் பண்ண தனி சார்ஜ், மொதல்ல கட்டுன கமிஷன் திரும்ப வராது, புது டிடிக்கு இன்னொரு கமிஷன். காசாவது போகட்டும்னு விடலாம், ஆனா கீழ்கோத்தகிரி பக்கமோ தெனாடு பக்கமோ இருந்து பஸ் புடிச்சு வந்தவங்களுக்கு ஒரு நாள் வேலையும் போகுது, ரெண்டாவது சனிக்கிழமையோ நாலாவது சனிக்கிழமையோ வந்துட்டா பேங்க் லீவு, அடுத்தது ஞாயிறு, அதுக்குள்ள காலேஜ் கடைசி தேதி முடிஞ்சுடும்.

மொதல்ல ஒண்ணு செய்யுங்க. காலேஜோ ஆபீஸோ குடுத்த நோட்டீஸ அப்படியே கையில எடுத்துட்டு வாங்க, இல்லன்னா ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க. வாட்ஸப்ல யாரோ டைப் பண்ணி அனுப்புனது வேணாம், ஃபோன்ல கேட்டு எழுதிக்கிட்டதும் வேணாம். நோட்டீஸ்ல டிடி பத்தி எழுதியிருக்குற வரிய பேனாவால அடிக்கோடு போடுங்க. அந்த ஒரு வரியில பெரும்பாலும் நாலு விஷயம் இருக்கும்: யார் பேருக்கு, எவ்வளவு, எந்த ஊர்ல செல்லுபடி ஆகணும், எந்த மாதிரி பேங்க். நேஷனலைஸ்டு பேங்க் டிடி மட்டும்னு போட்டிருந்தா கூட்டுறவு பேங்க்லயோ பிரைவேட் பேங்க்லயோ எடுத்துட்டுப் போகாதீங்க, உங்க கணக்கு எங்க இருந்தாலும் சரி.

இனி ஒரு உதாரணத்த வச்சு பாப்போம், இது நான் மாதிரிக்கு எடுத்துக்குறது. கட்டபெட்டு பக்கத்து ஹட்டியில இருந்து ஒரு அப்பாவும் பொண்ணும் வர்றாங்க, பொண்ணு ஊட்டி கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல சேருது, கட்ட வேண்டியது 13,840 ரூபான்னு வச்சுக்குவோம். நோட்டீஸ்ல பேரு இப்படி இருக்குன்னு வைங்க:

```
THE PRINCIPAL, GOVERNMENT ARTS COLLEGE, UDHAGAMANDALAM
```

அவங்க நிரப்பிட்டு வந்த ஃபார்ம்ல இருக்குறது இது:

```
Principle, Govt Arts Collage, Ooty
```

பாத்தா ஒரே காலேஜ்தான், நமக்குப் புரியுது. கவுன்டர்ல இருக்குறவங்களுக்கும் புரியலாம், ஆனா அவங்க உங்க ஃபார்ம்ல என்ன இருக்கோ அத டைப் பண்றதுதான் வழக்கம், திருத்திப் போடுறது அவங்க வேலை இல்ல. அப்புறம் அந்த டிடி காலேஜுக்குப் போகும், காலேஜ் அத அவங்க பேங்க் கணக்குல போடும், அங்க ஒருத்தர் டிடியில இருக்குற பேரையும் கணக்கு இருக்குற பேரையும் ஒத்துப் பாப்பாரு. ரெண்டும் ஒத்து வரலன்னா டிடி திரும்பி வரும். அதுக்கு முன்னாடியே காலேஜ் ஆபீஸ்ல இருக்குறவங்க பாத்துட்டு வாங்க மாட்டேன்னு சொன்னா அது உங்க அதிர்ஷ்டம், ஏன்னா அப்ப டிடி உங்க கையிலயே இருக்கும், உடனே மாத்திக்கலாம். கணக்குல போட்டு திரும்பி வந்துச்சுன்னா பல நாள் கழிச்சுதான் தெரியும்.

எது பரவாயில்ல, எது கூடவே கூடாதுன்னு ஒரு அளவு சொல்றேன். முன்னாடி வர்ற 'தி' விட்டுப் போறது, கமா, புள்ளி இதெல்லாம் பெரும்பாலும் பிரச்சனை ஆகுறதில்ல. கவர்மென்ட்ங்கறத சுருக்கி எழுதுறதுகூட நெறைய எடத்துல ஓடிடும், ஆனா சுருக்குறதால உங்களுக்கு என்ன லாபம், முழுசாவே எழுதுங்க. ஆள் மாறக் கூடாது, அதுதான் முக்கியம். பிரின்சிபல் பேருக்குன்னு கேட்டிருந்தா பிரின்சிபல்ங்கற வார்த்தை கட்டாயம் இருக்கணும், வெறும் காலேஜ் பேர் போட்டா அது வேற கணக்கா இருக்கலாம். பிரைவேட் காலேஜ்ல இது இன்னும் ஜாஸ்தி, ஒரே வளாகத்துல காலேஜ் ஒரு பேர்ல, ஹாஸ்டல் ஒரு பேர்ல, டிரஸ்ட் ஒரு பேர்ல மூணு கணக்கு வச்சிருப்பாங்க, மூணுக்கும் பேர் பாதி ஒண்ணாவே இருக்கும். அவசரத்துல படிச்சா கண்ணு ஏமாந்துடும். அதே மாதிரி ஒரு அதிகாரியோட பதவி பேருக்கு கேட்டா பதவி பேருக்குத்தான் எடுக்கணும், அந்த சீட்ல இப்ப இருக்குற ஆளோட சொந்தப் பேரை எழுதவே கூடாது, எழுதுனா அது அவரோட சொந்தக் கணக்குக்கான டிடி ஆயிடும்.

பிரின்சிபல்ங்கற எழுத்துக்கூட்டு பத்தி தனியா சொல்லணும். கடைசியில வர்ற எழுத்து மூணு `PAL`, பலர் `PLE`ன்னு எழுதிட்டு வர்றாங்க. காலேஜுக்கு நடுவுல `LEG`, அத `LAG`ன்னு எழுதுறதும் சகஜம். இது படிப்பு கம்மியானவங்க மட்டும் பண்றதுன்னு நெனைக்காதீங்க, டிகிரி முடிச்சவங்களும் எழுதுறாங்க, காதுல கேக்குற மாதிரி எழுதுறதால வர்றது. அதுக்குத்தான் நோட்டீஸ ஃபார்ம் பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா பாக்கச் சொல்றேன். எப்படிப் பாக்கணும்னா, ஒருத்தர் நோட்டீஸப் பாத்து எழுத்து எழுத்தா சொல்லணும், இன்னொருத்தர் ஃபார்ம்ல விரல் வச்சுக்கிட்டே வரணும். எழுதுனவங்களே சொல்லக் கூடாது, எழுதாதவங்க சொல்லணும், ஏன்னா எழுதுன கண்ணு தப்பையும் சரியாத்தான் படிக்கும்.

நம்ம மலைக்குன்னு ஒரு தனி தொல்லை இருக்கு, ஊர் பேரு. ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூணும் நமக்கு ஒரே ஊரு, இங்கிலீஷ்ல பழைய போர்டுல ஒரு மாதிரி, புது போர்டுல ஒரு மாதிரி இருக்கும். `D` பக்கத்துல `H` வருதா இல்லையான்னுகூட எடத்துக்கு எடம் மாறும். இதுல எது சரின்னு நம்ம முடிவு பண்ண வேணாம், நோட்டீஸ்ல எப்படி இருக்கோ அப்படியே எழுதணும், அங்க ஊட்டின்னு இருந்தா ஊட்டி, உதகமண்டலம்னு இருந்தா உதகமண்டலம். அப்புறம் கூடலூர். நம்ம நீலகிரி கூடலூர் இருக்கு, தேனி மாவட்டத்துலயும் ஒரு கூடலூர் இருக்கு, இது ரெண்டும் போதாதுன்னு கடலூர் வேற. இங்கிலீஷ்ல `GUDALUR`, `CUDDALORE`, அவசரத்துல கிறுக்கி எழுதுனா டைப் பண்றவங்களுக்கு எதுன்னு தெரியாது. கூடலூர்க்காரங்க டிடி எடுத்தா பக்கத்துல நீலகிரின்னும் சேத்து எழுதுங்க. எந்த ஊர்ல செல்லுபடின்ற கட்டத்துக்கும் இதே கவனம் வேணும், அது காலேஜ் இருக்குற ஊரா இருக்கணும்னு அவசியமில்ல, நோட்டீஸ்ல சென்னைன்னு கேட்டிருந்தா சென்னைதான்.

பேரு ரொம்ப நீளமா இருந்தா இன்னொரு விஷயம் கேட்டுக்கோங்க. பேங்க் கம்ப்யூட்டர்ல பேர் கட்டத்துக்கு ஒரு அளவு இருக்கும், அதுக்கு மேல போனா அடங்காது, அப்ப டைப் பண்றவங்க அவங்களே சுருக்கிடுவாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே "சார், இந்தப் பேர் முழுசா வருமா, சுருக்கணும்னா எத சுருக்குறீங்க"ன்னு கேளுங்க. சுருக்கித்தான் ஆகணும்னா காலேஜ் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டு இப்படி வந்தா வாங்கிக்குவீங்களான்னு கேட்டுட்டு அப்புறம் குடுங்க.

எழுதுறது எல்லாம் பெரிய எழுத்துல, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா. பால் பாயின்ட் பேனா வச்சுக்கோங்க, ஜெல் பேனா வேணாம். மழை நாள்ல குடைய மடக்கிட்டு ஈரக் கையோட ஃபார்ம புடிச்சா ஜெல் மை பரவி `O`வும் `D`யும் ஒண்ணாத் தெரியும், ஜூன், ஜூலைல இங்க வர்ற ஃபார்ம்ல பாதி இப்படித்தான் இருக்கு.

அடுத்தது தொகை. இதுல ரெண்டு விதமா தப்பு வருது, ரெண்டும் வேற வேற.

ஒண்ணு, கமிஷனையும் டிடி தொகையையும் கலந்துடுறது. நம்ம உதாரணத்துல ஃபீஸ் 13,840. பேங்க் கமிஷன் எவ்வளவுன்னு பேங்குக்கு பேங்க் மாறும், கணக்குக்கு 50 ரூபான்னு வைங்க, அதுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் 9 ரூபா, ஆக 59. மொத்தம் கவுன்டர்ல குடுக்க வேண்டியது 13,899. இந்த அப்பா என்ன பண்ணியிருக்காருன்னா, பேங்க் பியூன்கிட்ட மொத்தம் எவ்வளவு ஆகும்னு கேட்டு, அந்த 13,899ஐயே டிடி தொகை கட்டத்துல எழுதிட்டாரு. அப்படியே போயிருந்தா 13,899க்கு டிடி வந்திருக்கும், அதுக்கு மேல கமிஷன் தனியா கேட்டிருப்பாங்க, காலேஜ்ல தொகை சரியில்லன்னு திருப்பியிருப்பாங்க. இதுக்கு நேர் எதிரா, கையில 13,840தான் இருக்கு, கமிஷன அதுலயே கழிச்சுக்கோங்கன்னு சொல்றவங்களும் உண்டு. அப்படிக் கழிக்க முடியாது, கழிச்சா டிடி குறைவா வரும், அதையும் காலேஜ் வாங்காது. டிடி தொகைன்னா நோட்டீஸ்ல கேட்ட தொகை, ஒரு ரூபா கூடவும் இல்ல கம்மியும் இல்ல. கமிஷனுக்கு ஃபார்ம்ல தனிக் கட்டம் இருக்கும், அதுக்கு கீழ மொத்தம்னு ஒரு கட்டம். கமிஷன் தெரியலன்னா அந்த ரெண்டு கட்டத்தையும் காலியா விட்டுட்டுப் போய் கவுன்டர்ல கேட்டு எழுதிக்கோங்க, தப்பில்ல.

ரெண்டாவது, எழுத்துல எழுதுற தொகை. இந்த ஃபார்ம்ல எண்ணுல 13,899ன்னு இருந்துச்சா, எழுத்துல இருந்தது இது:

```
Thirty Thousand Eight Hundred and Fourty Only
```

எண்ணு ஒண்ணு சொல்லுது, எழுத்து வேற சொல்லுது. பதிமூணும் முப்பதும் இங்கிலீஷ்ல காதுக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரி, `THIRTEEN`, `THIRTY`. பதினாலு நாப்பது, பதினஞ்சு அம்பது, பதினெட்டு எம்பது, பத்தொம்போது தொண்ணூறு எல்லாத்துக்கும் இதே கதைதான். நாப்பதுக்கு இங்கிலீஷ்ல `U` கெடையாது, `FORTY`, நாலுக்குத்தான் உண்டு. இந்த `U` ஒரு எழுத்துக்காக டிடி நிக்காது, ஆனா முப்பதும் பதிமூணும் மாறுனா நிச்சயம் நிக்கும்.

எழுத்துல ஏன் கேக்குறாங்கன்னு புரிஞ்சா கவனம் தானா வரும். எண்ணுல ஒரு சைபர் சேக்குறது, ஒரு கோடு இழுத்து 1ஐ 7 ஆக்குறது சுலபம், எழுத்துல அது கஷ்டம். 1881ல வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டத்துலயே, செக், டிடி மாதிரி காகிதத்துல எண்ணும் எழுத்தும் வேற வேறயா இருந்தா எழுத்துல இருக்குறதுதான் தொகைன்னு போட்டிருக்கு. ஃபார்ம்ல வேற வேறயா இருந்தா பேங்க்ல உடனே திருப்பிக் குடுத்துடுவாங்க, அது நல்லதுதான். பாக்காம விட்டாங்கன்னாதான் சிக்கல், ஏன்னா பெரும்பாலான பேங்க்ல கம்ப்யூட்டர்ல எண்ணை மட்டும்தான் அடிக்கிறாங்க, டிடியில வர்ற எழுத்த அதுவே போட்டுக்குது. அப்ப எண்ணுல நீங்க பண்ண தப்பு டிடியில எண்ணுலயும் எழுத்துலயும் ஒரே மாதிரி அழகா வந்துடும், பாத்தா தப்புன்னே தெரியாது. அதனால ஃபார்ம்ல எழுத்துல எழுதுறத, எண்ணைப் பாத்துக் காப்பி அடிக்காதீங்க. நோட்டீஸ்ல இருக்குற தொகையப் பாத்து எழுத்துல எழுதுங்க, எழுதி முடிச்சுட்டு, எழுத்த மட்டும் படிச்சு தனியா ஒரு துண்டுக் காகிதத்துல எண்ணு போடுங்க, அந்த எண்ணும் கட்டத்துல இருக்குற எண்ணும் ஒத்து வருதான்னு பாருங்க. அப்பதான் அது உண்மையான சரிபார்ப்பு.

இங்கிலீஷ் வரலன்னா தமிழ்ல எழுதலாம், பல பேங்க் ஃபார்ம்ல தமிழ் இருக்கு. பதிமூவாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய் மட்டும்னு எழுதுனா போதும், உண்மையைச் சொன்னா தமிழ்ல பதிமூணும் முப்பதும் குழம்பவே குழம்பாது. ஆனா பேரு மட்டும் நோட்டீஸ்ல இருக்குற இங்கிலீஷ் எழுத்துலயே எழுதுங்க, இல்லன்னா டைப் பண்றவங்க அவங்களுக்குத் தோணுன மாதிரி எழுத்துக் கூட்டிடுவாங்க. சரியான வரி இதுதான்:

```
RUPEES THIRTEEN THOUSAND EIGHT HUNDRED AND FORTY ONLY
```

கடைசியில `ONLY` போட்டு, மிச்ச எடத்துல ஒரு கோடு இழுத்துடுங்க. எண்ணுல கமா எங்கன்னு பாத்துக்கோங்க, 13,840, கடைசியில இருந்து மூணு இலக்கம் தள்ளி.

தொகைய ஒட்டி இன்னும் ஒண்ணு, எப்படிப் பணம் குடுக்குறீங்கன்றது. 50,000 ரூபாயும் அதுக்கு மேலயும் உள்ள டிடிய காசு குடுத்து எடுக்க முடியாது, கணக்குல இருந்துதான் எடுக்கணும், இது ரிசர்வ் பேங்க் விதி. பச்சத் தேயிலை வித்த காச முழுசா கையில எடுத்துட்டு வந்து, கவுன்டர்ல போய்த்தான் இது தெரிஞ்சு திரும்பிப் போறவங்க இருக்காங்க. கணக்குல இருந்து எடுக்குறதுன்னா கணக்குல தொகை மட்டும் இருந்தா பத்தாது, கமிஷனும் சேத்து இருக்கணும். 20,000ம் அதுக்கு மேலயும் போனா டிடியில கணக்குல மட்டும் போடணும்னு கோடு போட்டுத்தான் குடுப்பாங்க, நம்ம உதாரணத்து 13,840 அதுக்குக் கீழ, அதனால கவுன்டர்லயே அக்கவுன்ட் பேயி கிராஸிங் போட்டுக் குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கோங்க, வழியில தொலைஞ்சாலும் இன்னொருத்தர் காசாக்க முடியாது.

மூணாவது, எதுக்காகன்ற கட்டம். எல்லா பேங்க் ஃபார்ம்லயும் இருக்காது, இருக்குற எடத்துல பெரும்பாலும் காலியா விட்டுடுறாங்க, இல்லன்னா ஒரே வார்த்தையில ஃபீஸ்னு எழுதுறாங்க. இந்த அப்பாவும் அப்படித்தான் எழுதியிருந்தாரு. பேங்குக்கு இது எதுக்குன்னா, யாருக்கு, என்ன காரணத்துக்காகப் பணம் போகுதுன்னு அவங்க பதிவுல இருக்கணும். படிப்புச் செலவுன்னு தெளிவா இருந்தா சில பேங்க்ல கமிஷன்ல சலுகை உண்டு, அதையும் பணம் கட்டுறதுக்கு முன்னாடிதான் கேக்க முடியும், கட்டுனப்புறம் கேட்டா குடுக்க மாட்டாங்க.

ஆனா உங்களுக்கு இந்தக் கட்டம் உதவுறது வேற விதத்துல. இத எழுதும்போது நோட்டீஸ இன்னொரு தடவ படிக்க வேண்டி வரும். டியூஷன் ஃபீஸுக்கு ஒரு டிடி, பரீட்சைக் கட்டணத்துக்கு தனி டிடின்னு கேட்டிருப்பாங்க, நம்ம ரெண்டையும் கூட்டி ஒரே டிடியா எடுக்கப் பாத்திருப்போம். எதுக்குன்னு தெளிவா எழுத முடியலன்னா எங்கயோ குழப்பம் இருக்குன்னு அர்த்தம், நின்னு யோசிங்க. எழுதுறது இவ்வளவு போதும்: "இளங்கலை முதலாமாண்டு சேர்க்கைக் கட்டணம், விண்ணப்ப எண் இது". அவ்வளவுதான், மேல கதை வேணாம்.

இதுல தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, நீங்க எழுதுற காரணம் பொதுவா டிடியில வராது. டிடியில வர்றது பணம் பெறுபவர் பேரு, தொகை, தேதி, எங்க செல்லும்னு, அப்புறம் டிடி எடுத்தவர் பேரு. எடுத்தவர் பேரு முகப்புலயே வரணும்னு 2018 செப்டம்பர் 15ல இருந்து விதி. இங்க அப்பா கணக்குல இருந்து எடுத்தா அப்பா பேருதான் வரும், பொண்ணு பேரு எங்கயும் இருக்காது. காலேஜ் ஆபீஸ்ல ஒரே நாள்ல நூத்துக்கணக்குல டிடி வரும், ஒரே தொகைக்கு வரும், ராமன்னு ஒரு பேர் இருந்தா அவர் எந்தப் பொண்ணோட அப்பான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதனால டிடி கைக்கு வந்ததும் பின்னாடி பொண்ணு பேரு, விண்ணப்ப எண், என்ன கோர்ஸ், ஃபோன் நம்பர் இத பென்சில்லயோ பால் பாயின்ட்லயோ அழுத்தாம எழுதணும். அழுத்தி எழுதுனா முன்பக்கம் தடம் விழும். முன்பக்கம் எதுவும் எழுதவே கூடாது. ஃபார்ம்ல எதுக்குன்னு எழுதுன அதே வார்த்தைய பின்னாடியும் எழுதிட்டா ரெண்டு எடத்துலயும் ஒண்ணா இருக்கும்.

மூணும் பாத்தாச்சு, இப்ப ஃபார்ம ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுங்க, நோட்டீஸயும் பக்கத்துல வச்சு ஒரே ஃபோட்டோவா எடுத்தா இன்னும் நல்லது. ஏன்னா ஃபார்ம் பேங்க்லயே தங்கிடும், உங்க கையில வர்றது ஓரத்துல கிழிச்சுக் குடுக்குற சின்னச் சீட்டுதான், அதுல பேரு முழுசா எழுதியிருக்க மாட்டீங்க. நாளைக்கு டிடியில எழுத்து மாறி வந்து, நீங்க இப்படித்தான் எழுதிக் குடுத்தீங்கன்னு அவங்க சொன்னா, காட்டுறதுக்கு ஏதாவது வேணும். உங்க ஃபார்ம்ல சரியா இருந்து டைப் பண்ணதுல தப்பு வந்திருந்தா, பொறுமையா ஃபோட்டோவக் காட்டி, புதுசா போட்டுத் தாங்க, இதுக்கு கேன்சல் சார்ஜ் என்கிட்ட புடிக்காதீங்கன்னு கேளுங்க. கவுன்டர்ல நிக்கும்போதே கேட்டா நடக்கும்.

ஃபார்ம் குடுக்கும்போது வாயால சொல்லவும் செய்யுங்க. "மேடம், பேரு நோட்டீஸ்ல இருக்குற மாதிரியே வேணும், டைப் பண்ணிட்டு பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ எனக்குப் படிச்சுக் காட்டுறீங்களா"ன்னு கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, கூட்டம் இல்லாத நேரமா இருந்தா ஸ்கிரீனையே திருப்பிக் காட்டுறவங்களும் இருக்காங்க. காலையில பேங்க் தொறந்த ஒடனே போறத விட கூட்டம் கொறஞ்சப்புறம் போறது இதுக்கு வசதி, ஆனா மதியத்துக்கு மேல ரொம்பத் தள்ளிப் போடாதீங்க, டிடியில கையெழுத்துப் போட வேண்டிய ஆபீசர் எழுந்து போயிட்டா காத்திருக்க வேண்டி வரும், கடைசி பஸ்ஸும் போயிடும்.

டிடி கைக்கு வந்ததும் கவுன்டர விட்டு நகராம அஞ்சு விஷயம் பாருங்க. பேரு எழுத்து எழுத்தா. தொகை, மொதல்ல எழுத்தப் படிங்க, அப்புறம் எண்ணைப் பாருங்க, எண்ணை மொதல்ல பாத்தா எழுத்தைக் கண்ணு தாண்டிடும். தேதி, ஏன்னா அந்தத் தேதியில இருந்து மூணு மாசம்தான் டிடி செல்லும், முன்ன ஆறு மாசமா இருந்தத 2012 ஏப்ரல் 1ல இருந்து மூணா கொறச்சுட்டாங்க, வீட்டுப் பெரியவங்க ஆறு மாசம்னு சொன்னா நம்பி பீரோல வச்சுடாதீங்க. அப்புறம் ஆபீசர் கையெழுத்து இருக்கா, பேங்க் எந்த எடத்துல செல்லும்னு போட்டிருக்கு.

எல்லாம் சரியா இருந்தா, டிடி ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துட்டு, மடக்காம ஒரு பிளாஸ்டிக் கவர்ல போடுங்க, மழைக்காலத்துல பையில வச்சா நனையும். கிழிச்சுக் குடுத்த சீட்டை டிடியோட சேத்து வைக்காதீங்க, தனியா வைங்க, ரெண்டும் ஒரே கவர்ல இருந்து தொலைஞ்சா டிடி நம்பர் எங்கயுமே இருக்காது, டூப்ளிகேட் கேக்கறப்ப அந்த நம்பரத்தான் மொதல்ல கேப்பாங்க. காலேஜ்ல ரசீது குடுத்து, அதுல உங்க பொண்ணு பேரும் 13,840ம் சரியா இருக்கான்னு பாக்குற வரைக்கும் அந்தச் சீட்டு பத்திரமா வீட்டுல இருக்கட்டும்.